கிராம் சாயத்துக்குத் தப்பும் சிபிலிஸ் கிருமி

சிபிலிஸ் நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் ஒரே ஒரு புண். தொற்று ஏற்பட்டுச் சுமார் மூன்று வாரத்தில், சிலருக்குப் பத்து நாளிலேயே, சிலருக்கு மூன்று மாதம் கழித்து, கிருமி நுழைந்த இடத்தில் அது தோன்றும். அடிப்பாகம் தொட்டால் கெட்டியாக இருக்கும், வலி இருக்காது. அந்தப் புண்ணிலிருந்து கசியும் தெளிந்த நீரில் நோய்க்குக் காரணமான டிரெப்போனீமா பாலிடம் என்ற சுருள் வடிவப் பாக்டீரியா ஏராளமாக நீந்திக்கொண்டிருக்கும். ஆனால் அந்த நீரில் ஒரு துளியை ஸ்லைடில் தடவிக் காயவைத்து, எந்த ஆய்வகத்திலும் நாள்தோறும் செய்யப்படும் கிராம் சாயத்தை ஏற்றிப் பார்த்தால், சீழ் அணுக்கள் தெரியும், தோலில் சாதாரணமாக வாழும் சில பாக்டீரியாக்கள் தெரியும். தேடும் கிருமி மட்டும் தெரியாது. அதே நீரைச் சாயமே இல்லாமல், ஈரத்தோடு, இருட்புல நுண்ணோக்கியில் வைத்தால் கறுத்த பின்னணியில் வெள்ளிக் கம்பிச் சுருள்போல் அது திருகிக்கொண்டு நகர்வது தெரியும். குறை மாதிரியில் இல்லை, பார்க்கும் முறையில்தான் இருக்கிறது.

கிராம் சாய முறையை 1884இல் பெர்லினில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்டார். தடவிய மாதிரியைக் காயவைத்து, சுடரில் லேசாகக் காட்டி ஸ்லைடோடு ஒட்டச் செய்வார்கள். பிறகு கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம், அதைச் செல்லுக்குள் இறுக்கிப் பிடிக்க அயோடின் கரைசல், அடுத்து ஆல்கஹால் கழுவல், கடைசியாகச் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். தடித்த செல்சுவர் உள்ள பாக்டீரியா ஆல்கஹாலுக்குப் பிறகும் ஊதாவை விடாது; அது கிராம் பாசிட்டிவ். மெல்லிய சுவரும் அதற்கு வெளியே ஒரு சவ்வும் உள்ளவை ஊதாவை இழந்து சிவப்பை ஏற்கும். அவை கிராம் நெகட்டிவ். பால்வினை நோய்ப் பிரிவில் இந்த முறைக்கு நல்ல பெயர் உண்டு. வெட்டை நோய் கொண்ட ஆணின் சிறுநீர்த் தாரையிலிருந்து வடியும் சீழில், வெள்ளையணுக்களுக்குள்ளேயே இரட்டை இரட்டையாக அமர்ந்திருக்கும் கொனோகாக்கஸ் கிருமியைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். அந்தப் பழக்கத்தில், பக்கத்து அறைக்கு வந்த புண்ணுக்கும் அதே சாயத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்று எழுதுவதுதான் ஆபத்து.

கிராம் சாயம் இங்கே தோற்பதற்கு முதல் காரணம் கிருமியின் தடிமன். டிரெப்போனீமா பாலிடத்தின் நீளம் 6 முதல் 15 மைக்ரான். ஒரு சிவப்பணுவின் குறுக்களவுக்குச் சமமாகவோ இரு மடங்காகவோ இருக்கும். நீளத்தில் அது சிறிய பாக்டீரியா அல்ல. ஆனால் அதன் உடலின் தடிமன் 0.1 முதல் 0.2 மைக்ரான் வரைதான். கொனோகாக்கஸ் ஏறக்குறைய 0.8 மைக்ரான் பருமன் கொண்டது. சாதாரண நுண்ணோக்கியில் சாயம் ஏறிய பொருள் தெரிவது அது ஒளியை உறிஞ்சுவதால். கீழிருந்து வரும் வெள்ளை ஒளி சாயத்தைக் கடக்கும்போது ஒரு பகுதி இழக்கப்படுகிறது. அந்த இழப்பைத்தான் கண் நிறமாகக் காண்கிறது. ஒளி எவ்வளவு ஆழமான சாயத்தைக் கடக்கிறதோ அவ்வளவு அழுத்தமாக நிறம் தெரியும். கொனோகாக்கஸைக் கடக்கும் ஒளி செல்லும் தூரத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சுருளுக்குள் இருக்காது. அதற்குள் சேரும் வெளிர் சிவப்பு, வெளிச்சம் பொங்கும் பின்னணியில் கரைந்துபோகிறது.

லென்சின் எல்லையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.55 மைக்ரான். மிகச் சிறந்த எண்ணெய் லென்சைப் போட்டாலும் ஏறக்குறைய 0.2 மைக்ரானுக்கும் நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகளை அது பிரித்துக் காட்டாது. டிரெப்போனீமாவின் உடல் தடிமன் அந்த எல்லையிலோ அதற்குக் கீழேயோ நிற்கிறது. எல்லைக்குக் கீழுள்ள கோட்டின் மங்கல் நிறம் அதன் உண்மையான அகலத்தைவிடப் பெரிய பரப்பில் பரவிவிடுவதால் இன்னும் வெளிறுகிறது. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் மங்கல்தான் பெரிதாகும்.

மாதிரியைத் தயாரிக்கும் விதமும் கிருமிக்குப் பகையாக அமைகிறது. அதன் வெளிச்சவ்வு மிக மென்மையானது. கழுவுதல், காய்தல், சூடு ஆகியவற்றில் எளிதில் குலைந்துவிடும். காய்ந்த தடவலில் சுருள்கள் நெகிழ்ந்து, நீண்டு, உடைந்து கிடக்கும். உயிரோடு இருக்கும்போது அதை அடையாளம் காட்டும் அசைவு, காயவைத்த கணத்திலேயே போய்விடுகிறது. மீதி இருக்கும் மங்கிய இழையைச் சளி நூலிலிருந்தோ காய்ந்த புரதக் கோட்டிலிருந்தோ பிரிக்க வழியில்லை.

பாடநூல்கள் ஸ்பைரோகீட்டுகளைப் பொதுவாகக் கிராம் நெகட்டிவ் கூட்டத்தோடு சேர்த்துப் பேசுவதால் ஒரு குழப்பம் உண்டு. அமைப்பைப் பார்த்தால் அது ஓரளவு சரியே: இரண்டு சவ்வுகள், நடுவில் மெல்லிய சுவர். ஆனால் சிபிலிஸ் கிருமியின் வெளிச்சவ்வில் வழக்கமான கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு உரிய லிப்போபாலிசாக்கரைடு கிடையாது. அதன் நீந்தும் இழைகளும் மற்றப் பாக்டீரியாக்களைப் போல் வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல் இரு சவ்வுகளுக்கும் இடையே உடலைச் சுற்றி ஓடுகின்றன. எப்படியிருந்தாலும் எந்த வகையில் சேர்ப்பது என்பது வகைப்பாட்டுக் கேள்வி. கண்ணில் படுமா என்பது வேறு கேள்வி. சுருள் வடிவம் காரணம் அல்ல என்பதற்கும் சான்று இருக்கிறது. ஈறும் தொண்டையும் புண்ணாகும் வின்சென்ட் நோயில் பெருகும் வாய் ஸ்பைரோகீட்டுகள் இதைவிடப் பருமனானவை. கிராம் முறையின் கடைசிச் சாயமாகச் சாஃப்ரனினுக்குப் பதில் நீர்த்த கார்பால் ஃபுக்சினைப் பயன்படுத்தினால் அவை சிவப்பு அலைகளாகத் தெளிவாகத் தெரிகின்றன. தப்பிப்பது சுருள் அல்ல, மெலிவு.

இந்த மெலிவுதான் கிருமியின் கண்டுபிடிப்பையே தள்ளிப்போட்டது. காசநோய், காலரா, தொண்டை அடைப்பான் ஆகியவற்றின் கிருமிகள் 1880களிலேயே சாயங்களின் துணையோடு பிடிபட்டுவிட்டன. சிபிலிஸ் மட்டும் 1905 வரை காத்திருந்தது. அந்த ஆண்டு ஜான் சீகெல் என்பவர் வேறொரு நுண்ணுயிரைச் சிபிலிசுக்குக் காரணம் என்று அறிவித்திருந்தார். அதைச் சரிபார்க்கும் பொறுப்பு பெர்லின் அரசுச் சுகாதார அலுவலகத்தில் பணியாற்றிய விலங்கியலாளர் ஃபிரிட்ஸ் ஷாவ்டின் கைக்கு வந்தது. மாதிரிகளை ஷாரிட்டே மருத்துவமனையின் தோல் மருத்துவர் எரிக் ஹாஃப்மன் கொடுத்தார். மார்ச் 3 அன்று, இரண்டாம் நிலை நோய் கொண்ட ஒரு பெண்ணின் பருவிலிருந்து எடுத்த நீரைச் சாயமிடாமல் புதிதாகவே நுண்ணோக்கியில் வைத்த ஷாவ்டின், மிக மெல்லிய சுருள்கள் துடிப்போடு அசைவதைக் கண்டார். அவர் பார்த்தது சாதாரண ஒளிப்புலத்தில். நல்ல லென்சும், ஒற்றைச் செல் உயிர்களைப் பார்த்துப் பழகிய கண்ணும், அசைவும் சேர்ந்துதான் அதைக் காட்டின. அதே புண்களில் தடித்த, நன்றாகத் தெரியும் வேறொரு ஸ்பைரோகீட்டும் இருந்தது. ஒளியை நன்கு திருப்பியதால் அதை ரெஃப்ரிஞ்சன்ஸ் என்றார்கள். வெளிறிய மெல்லியதற்குப் பாலிடா என்று பெயர் வந்தது. பெயரிலேயே பார்ப்பதன் சிரமம் பதிவாகிவிட்டது.

சாயத்தில் அதைப் பிடிக்கவே முடியாது என்றில்லை. ஷாவ்டின் தடவல்களை ஜீம்சா சாயத்தில் நெடுநேரம் ஊறவைத்தார். கிருமி மங்கிய இளஞ்சிவப்பில் தெரிந்தது, ஆனால் தேடிக் களைக்கும் அளவுக்குத்தான். வெள்ளி முறைகள் வேறு தந்திரத்தைக் கையாளுகின்றன. அவை கிருமியை நிறமேற்றுவதில்லை. அதன் மேற்பரப்பில் வெள்ளியைப் படியச்செய்து தடிமனாக்குகின்றன. இழை பருத்துக் கறுத்து, சாதாரண நுண்ணோக்கிக்கே எட்டிவிடுகிறது. திசுத் துண்டுகளில் கிருமியைத் தேட இன்றும் வார்தின்–ஸ்டாரி போன்ற வெள்ளி முறைகள் உதவுகின்றன. ஆனால் அதற்கு நேரம் ஆகும். வெள்ளி திசு இழைகளிலும் படிவதால் ஏமாற்றமும் உண்டு.

நோயாளி எதிரில் காத்திருக்கும்போதே பதில் சொல்லும் வழியை 1906இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் விக்டர் முச்சாவும் காட்டினார்கள். இரத்த வகைகளைக் கண்டுபிடித்த அதே லாண்ட்ஸ்டைனர்தான். இருட்புல ஒளியூட்டல் அப்போது புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நுண்ணோக்கி ஆர்வலர்கள் அதை அறிந்திருந்தார்கள். சிபிலிஸ் புண்ணின் நீருக்கு அதைப் பொருத்தியதுதான் புதியது.

இருட்புலத்தில் ஒளி மாதிரியை நேராகக் கடந்து கண்ணுக்கு வருவதில்லை. மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரின் நடுப்பகுதி மறைக்கப்பட்டிருக்கும். அதனால் ஒளி ஓரத்திலிருந்து மட்டும், நடுவில் குடைந்த கூம்பு வடிவில், மிகச் சாய்வாக ஸ்லைடில் வந்து கூடுகிறது. கூடிய இடத்தைக் கடந்ததும் அதே சாய்வில் விரிந்து, மேலேயுள்ள ஆப்ஜெக்டிவ் லென்சுக்கு வெளியே போய்விடுகிறது. மாதிரியில் ஒன்றும் இல்லையென்றால் லென்சுக்குள் ஒளியே வராது. புலம் முழுக்கக் கறுப்பு. அந்தச் சாய்ந்த ஒளியின் வழியில் ஒரு கிருமி குறுக்கிட்டால், அதன் உடல் ஒளியில் சிறிதளவை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கும். அந்தச் சிதறலில் ஒரு பங்கு லென்சுக்குள் நுழைகிறது. ஓட்டு வீட்டின் இடுக்கு வழியே விழும் வெயில் கற்றையில், மற்ற நேரம் கண்ணுக்கே தெரியாத தூசி பளிச்சிடுவதும் இதே காரணத்தால்தான்.

தடிமன் லென்சின் எல்லைக்குக் கீழே இருந்தும் கிருமி எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கும் விடை இதிலேயே இருக்கிறது. இரண்டு பொருள்களைப் பிரித்துக் காண்பதற்கு எல்லை உண்டு. ஒரு பொருள் இருப்பதை அறிவதற்கு அந்த எல்லை பொருந்தாது. கறுத்த பின்னணியில் போதுமான ஒளியை அனுப்பினால் எவ்வளவு மெல்லிய இழையும் தெரியும். ஆனால் தெரியும் கோட்டின் அகலம் உண்மையான அகலம் அல்ல. லென்ஸ் அதை விரித்துக் காட்டுகிறது. இருட்புலத்தில் கிருமியின் தடிமனை அளக்க முயல்வது வீண். சுருள்களோ உண்மையானவை. ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 1.1 மைக்ரான் இருப்பதால் அந்த இடைவெளியை லென்ஸ் தாராளமாகப் பிரிக்கிறது. உடல் தடிமனைக் காட்டாமல், வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணும்படி காட்டுவது இந்த முறையின் சிறப்பு. அடையாளம் காண வேண்டியதும் அந்த வளைவுகளைத்தான்.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கண்டென்சரிலிருந்து வரும் ஒளியின் சாய்வு, லென்ஸ் ஏற்கும் சாய்வைவிட எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும். எண்ணெய் வைத்துப் பயன்படும் இருட்புலக் கண்டென்சரின் எண்ணியல் துளை 1.2 முதல் 1.4 வரை. நூறு மடங்கு எண்ணெய் லென்சின் துளையும் 1.25 அளவில் இருப்பதால், அப்படியே போட்டால் நேர் ஒளி உள்ளே புகுந்து புலம் சாம்பலாகிவிடும். ஆகவே அந்த லென்சுக்குள் ஒரு புனல் தடுப்பைச் செருகியோ, உள்ளமைந்த திரையைச் சுருக்கியோ, துளையை ஒன்றுக்கும் கீழே கொண்டுவருகிறார்கள். கண்டென்சரின் மேற்பரப்புக்கும் ஸ்லைடின் அடிப்புறத்துக்கும் இடையே குமிழி இல்லாமல் எண்ணெய் நிரம்பியிருக்க வேண்டும். அந்த இடத்தில் காற்று இருந்தால் அவ்வளவு சாய்ந்த ஒளி கண்ணாடியை விட்டு வெளியேறவே முடியாது, உள்ளுக்குள் திரும்பிவிடும். ஸ்லைடு ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமனுக்கு மேல் போனாலும் கூம்பின் நுனி மாதிரியை எட்டாது. இருட்புலம் சரியாக அமையாத ஆய்வகங்களில் பழுது பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றில் இருக்கும்.

ஐந்து நாளாகப் புண் இருக்கும் ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார் என்று கொள்வோம். முதல் கேள்வி, அவர் புண்ணில் ஏதாவது களிம்பு தடவினாரா, ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டாரா என்பது. பென்சிலின் வகை மருந்து உள்ளே போனால் ஓரிரு நாளிலேயே புண்ணின் மேல்நீரில் கிருமி கிடைக்காமல் போகலாம். ஒன்றும் இல்லையென்றால், கையுறை அணிந்த ஊழியர் உப்புக் கரைசலில் நனைத்த துணியால் புண்ணைத் துடைத்து, மேலே படிந்த பொருக்கையும் அழுக்கையும் நீக்குகிறார். கிருமிநாசினி கூடாது, அது தேடும் கிருமியையே கொன்றுவிடும். முதலில் வரும் இரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டு, புண்ணின் ஓரத்தை இரு விரலால் மெல்ல அழுத்தினால் தெளிந்த நீர் கசியும். அதுதான் வேண்டியது. ஒரு கவர்ஸ்லிப்பின் நடுவில் அந்தத் துளியைத் தொட்டெடுத்து ஸ்லைடில் கவிழ்க்கிறார்கள். இரத்தம் அதிகம் கலந்தால், சிவப்பணுக்கள் ஒவ்வொன்றும் ஒளிவட்டமாய் மின்னிப் புலத்தையே அடைத்துவிடும்.

அங்கிருந்து நேரத்தோடு போட்டி. கிருமியின் அசைவு குறைந்தால் அடையாளம் காணும் வாய்ப்பும் குறையும். எனவே இருபது நிமிடத்துக்குள் பார்ப்பது நல்லது. ஆய்வகம் அடுத்த கட்டடத்தில் இருந்தாலே இந்தச் சோதனை தடுமாறும். முதலில் நாற்பது மடங்கு லென்சால் புலத்தை வரிசையாகத் துழாவி, இழை ஏதாவது தட்டுப்பட்டால் நூறு மடங்குக்கு மாறிச் சுருள்களைப் பார்க்கிறார்கள். டிரெப்போனீமா பாலிடத்தின் சுருள்கள் நெருக்கமாக, ஒரே சீராக, கூர்மையாக இருக்கும். தன் அச்சில் திருகுபோல் சுழன்றபடி மெதுவாக முன்னும் பின்னும் போகும். இடையிடையே உடலின் நடுவில் சட்டென்று மடங்கி, விட்டதும் பழைய நேர்கோட்டுக்குத் திரும்பும். வளைந்தாலும் சுருள்கள் கலையாது. இந்த விறைப்பும் நிதானமும் பழகிய கண்ணுக்குப் போதிய சாட்சி. அதே இடத்தில் வாழும், தீங்கில்லாத ரெஃப்ரிஞ்சன்ஸ் வகை தடித்தது, சுருள்கள் அகலமானவை, தளர்ந்தவை, வேகமாக நெளியும்.

பொய்த் தோற்றங்களும் உண்டு. சிவப்பணுவின் ஓரத்திலிருந்து கழன்ற இழைகள், ஃபைப்ரின் நூல், பஞ்சு இழை எல்லாம் கறுப்பில் வெள்ளையாகத்தான் மின்னும். அவை நீரோட்டத்தோடு மிதக்கும், இடத்திலேயே அதிரும். தாமாகச் சுழன்று நகராது. முடிவெடுக்கும்முன் நீரோட்டம் அடங்கும்வரை காத்திருப்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கம். புண் வாயில் இருந்தால் நிலைமை வேறு. பல்லிடுக்குகளில் இயல்பாக வாழும் சில டிரெப்போனீமாக்கள் உருவிலும் அசைவிலும் சிபிலிஸ் கிருமியை மிக நெருங்கி ஒத்திருப்பதால், வாய்ப்புண்ணின் இருட்புல முடிவை நம்ப முடியாது. ஆசனவாய்க்கு உள்ளிருந்து எடுத்த மாதிரிக்கும் இதே தயக்கம் உண்டு. கிருமியின் மேல் ஒட்டும், ஒளிரும் ஆன்டிபாடியைப் பயன்படுத்தும் முறையோ பிசிஆர் சோதனையோ அங்கே வேண்டும். யாஸ் எனப்படும் தோல் நோயின் கிருமி இதே இனத்தின் மற்றொரு கிளை என்பதால், அதையும் உருவத்தால் பிரிக்க முடியாது. நோயாளி வாழும் இடமும் புண் இருக்கும் இடமும்தான் பிரித்துச் சொல்லும்.

மேற்சொன்ன நோயாளிக்கு அன்று விடிஆர்எல் இரத்தப் பரிசோதனையும் செய்தால் அது நெகட்டிவ் என்று வர வாய்ப்புண்டு. இரத்தத்தில் ஆன்டிபாடி தெரியப் புண் தோன்றியபின் ஒன்று முதல் நான்கு வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில், பிசிஆர் வசதி இல்லாத இடத்தில், உடனே சாட்சி சொல்லக்கூடியது இருட்புலம் ஒன்றுதான். ஆய்வக ஊடகங்களில் இந்தக் கிருமி வளராது. 2018இல்தான் அமெரிக்க ஆய்வாளர்கள் முயல் செல்களோடு சேர்த்து அதை நெடுநாள் வளர்க்கும் முறையை வெளியிட்டார்கள். அதுவும் ஒருமுறை இரட்டிக்க ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, நோயறிதலுக்கு உதவாது.

இருட்புலத்தில் தெளிவாகக் கண்டால் அன்றைக்கே பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஊசி போட்டு, உறவு கொண்டவர்களையும் அழைக்கலாம். காணவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளாகாது. ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமிகளாவது இருந்தால்தான் ஒரு துளியில் ஒன்றாவது புலத்தில் சிக்கும் வாய்ப்பு உண்டு. ஆறத் தொடங்கிய பழைய புண்ணில் அவ்வளவு இருக்காது. ஆன்டிபயாட்டிக் கொடுக்காமல் அடுத்த இரண்டு நாளும் மாதிரி எடுத்துப் பார்ப்பதும், இரத்தப் பரிசோதனையைச் சில வாரம் கழித்து மீண்டும் செய்வதும் இதனால்தான். நோயாளி திரும்பி வருவார் என்று உறுதியில்லாத இடங்களில் பல மருத்துவர்கள் அந்தக் காத்திருப்பை விட்டுவிட்டு, புண்ணைப் பார்த்தே ஊசி போட்டுவிடுகிறார்கள். கண்டென்சரைப் பழுதில்லாமல் வைத்திருக்கவும் சுருளைப் பார்த்துச் சொல்லவும் பழகிய ஆள் இருக்கும் பால்வினை நோய்ப் பிரிவுகளில் மட்டுமே இருட்புல நுண்ணோக்கி இன்று மேசையில் இருக்கிறது.